பெரிய கடையை மூடப் போகிறார்கள்: நீதிமன்றம் திறக்கச் சொல்லுமா, நஷ்டஈடுதான் தருமா?

இன்பா

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சிறிய வணிக வளாகம் இருக்கிறது. தரைத்தளம் முழுவதையும் ஒரு பெரிய பல்பொருள் அங்காடிக்கு 15 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். மேல்தளத்தில் ஒன்பது சிறு கடைகள். அந்த அங்காடிக்கு வருகிறவர்கள் படியேறினால்தான் மேலே உள்ளவர்களுக்குப் பிழைப்பு.

குத்தகைப் பத்திரத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: குத்தகைக் காலம் முழுவதும், வழக்கமான வணிக நேரங்களில், கடையைத் திறந்து வைத்து வியாபாரம் நடத்த வேண்டும். இப்போது ஆறு ஆண்டுதான் ஆகியிருக்கிறது. போன வாரம் கடிதம் வந்தது. நஷ்டத்தில் ஓடுகிறதாம், மூடப் போகிறார்களாம். வாடகையை மட்டும் மிச்சக் காலம் முழுவதும் கட்டிவிடுவார்களாம்.

என் வக்கீல், “ஏற்றதை ஆற்றுதல், அதாவது ஒப்பந்தப்படியே செய் என்ற உத்தரவு, கேட்டால் கிடைப்பது கடினம், நஷ்டஈடுதான் கேட்க முடியும்” என்கிறார். எனக்குப் புரியவில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டதைச் செய் என்று சொல்ல நீதிமன்றத்துக்கு என்ன தயக்கம்?

---

குணா

உங்கள் வக்கீல் அவசரப்படுகிறார் என்று நினைக்கிறேன். விதி எளிது. பணம் கொடுத்தால் இழப்பு ஈடாகிவிடும் என்றால் பணம். ஈடாகாது என்றால் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வார்கள். நூறு மூட்டை அரிசி தருகிறேன் என்று சொன்னவர் தரவில்லையா, சந்தையில் வேறு நூறு மூட்டை வாங்கிக்கொண்டு விலை வித்தியாசத்தைக் கேட்கலாம். நிலம் அப்படி இல்லை, ஒன்றைப் போல இன்னொன்று கிடைக்காது. அதனால் நிலத்துக்கு ஏற்றதை ஆற்றுதல்.

உங்கள் வழக்கில் மேல்தளக் கடைகள் எத்தனை காலியாகும், வளாகத்தின் மதிப்பு எவ்வளவு குறையும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. அளக்க முடியாத இழப்பு என்றால் பணம் போதாது என்றுதானே பொருள்? தைரியமாகப் போடுங்கள் வழக்கை.

---

தேன்மொழி

எனக்கும் இதே பிரச்சினைதான், அதனால் இங்கேயே கேட்கிறேன். ஒரு வீடு வாங்க ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தோம். இப்போது வேறு யாரோ அதிக விலை தருவதாகச் சொன்னதும் விற்பவர் பின்வாங்குகிறார். முன்பணத்தை இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்கிறார். இன்பா அண்ணாவுக்குக் கிடைக்காது என்றால் எங்களுக்கும் கிடைக்காதா?

---

நளாயினி

தேன்மொழி, உங்களுடையது வேறு கேள்வி. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

குணா சொன்னது பாதி சரி. பணம் போதுமா என்பது முதல் கேள்வி. அதைத் தாண்டினாலும் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது: நீதிமன்றம் போடும் உத்தரவு என்ன மாதிரியானது, அதை எப்படி நடத்திக் காட்டுவது? இன்பாவின் வழக்கு பெரும்பாலும் இந்த இரண்டாம் படியில்தான் விழும். நான் இப்படி அடித்துச் சொல்லக் காரணம், ஏறக்குறைய இதே கதை இங்கிலாந்தில், அப்போது இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய்வந்திருக்கிறது.

ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ என்ற வணிக வளாகம். சொந்தக்காரர் ஒரு கூட்டுறவுக் காப்பீட்டுச் சங்கம். அதில் மிகப்பெரிய கடை ஆர்கைல் நிறுவனத்தின் சேஃப்வே அங்காடி. 1979-இல் 35 ஆண்டுக் குத்தகை. பத்திரத்தில் இன்பா சொன்ன அதே பிரிவு, ஏறக்குறைய அதே சொற்களில். நிறுவனம் தன் கடைகளைக் கணக்குப் பார்த்தபோது அந்தக் கடை ஆண்டுக்குச் சுமார் 70,000 பவுண்டு நஷ்டத்தில் இருந்தது. 1995-இல் மூடப் போவதாக அறிவித்தார்கள். உரிமையாளர் உடனே கடிதம் எழுதினார்: வேறு ஆள் கிடைக்கும் வரை நடத்துங்கள், வாடகையில் தற்காலிகமாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று. பதிலே இல்லை. மே 6 அன்று கடையை மூடினார்கள். அடுத்த இரண்டு வாரத்துக்குள் உள்ளே இருந்த அலமாரி முதல் சாதனங்கள் வரை கழற்றி எடுத்துவிட்டார்கள். திரும்பப் பொருத்த 10 லட்சம் பவுண்டுக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள்.

ஒப்பந்தத்தை மீறியதை நிறுவனம் மறுக்கவே இல்லை. பரிகாரம் என்ன என்பது மட்டும்தான் வழக்கு. முதல் நீதிபதி நஷ்டஈடு மட்டும் என்றார். மேல்முறையீட்டில் மூவரில் இருவர், கடையைத் திறந்து நடத்து என்றார்கள். குத்தகை முடிவது 2014-இல்! அதுவரை நடத்து, இல்லை வேறொருவருக்கு மாற்றிக்கொடு என்று உத்தரவு. 1997-இல் பிரபுக்கள் சபை அதை ஒருமனதாக ரத்து செய்துவிட்டது. தீர்ப்பை எழுதியவர் ஹாஃப்மன் பிரபு.

ஒரு பொருளைக் கொடு, ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்பது ஒரு விளைவைக் கேட்பது. நடந்ததா இல்லையா என்று ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தொழிலை நடத்து என்பது முடிவில்லாத செயல். அலமாரியில் பாதிச் சரக்கு இல்லாமல் கடையைத் திறந்து வைத்தால் அது கீழ்ப்படிதலா? பத்துப் பேர் இருந்த இடத்தில் இரண்டு பேரைப் போட்டால்? ஒவ்வொரு முறையும் உரிமையாளர் நீதிமன்றத்துக்கு ஓடி வருவார். நீதிமன்றத்தின் கையில் இருக்கும் ஒரே கருவி அவமதிப்பு நடவடிக்கை. அது ஏறக்குறைய குற்றவியல் தண்டனை மாதிரி. அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கும்போது ஒருவர் நாள்தோறும் எப்படி வியாபார முடிவுகள் எடுப்பார்? அதுவும் “கடையைத் திறந்து வைத்து வியாபாரம் நடத்த வேண்டும்” என்ற அளவுக்குத் தெளிவில்லாத ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு.

---

மணிமாறன்

படித்துவிட்டு உண்மையில் கோபம்தான் வந்தது. கடிதத்துக்குப் பதில்கூட எழுதாமல், வேண்டுமென்றே, கணக்குப் போட்டு, இரண்டே வாரத்தில் சாமான்களைக் கழற்றிக்கொண்டு போனவர்களுக்கு நீதிமன்றம் என்ன செய்தி சொல்கிறது? கையில் காசு இருந்தால் வாக்கை உடைக்கலாம், விலையைக் கட்டிவிட்டால் போதும் என்பதுதானே? நான் ஆசிரியராக இருந்தவன். மாணவர்களுக்கு ஒப்பந்தம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்கும்போது, அது வாக்குறுதி என்றுதான் சொன்னேன். மீறிவிட்டு விலை கட்டும் வசதி என்று சொல்லவில்லை.

---

நளாயினி

மணிமாறன் ஐயா, உங்கள் கோபம் மேல்முறையீட்டு நீதிபதிகளுக்கும் வந்தது. நிறுவனத்தின் நடத்தையை அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். ஹாஃப்மன் சொன்ன பதில் இதுதான்: ஒப்பந்தச் சட்டத்தின் வேலை தவறு செய்தவரைத் தண்டிப்பது அல்ல, வாக்குப் பெற்றவருக்கு வர வேண்டியதை வரவைப்பது. எனக்கும் முதல்முறை படித்தபோது இது நெருடியது. ஆனால் அவர் காட்டிய இன்னொரு காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு என் எண்ணம் மாறியது.

எண்கள் நான் வைத்துக்கொண்டவை. கடையைத் திரும்பப் பொருத்த 1,000 செலவு. அப்புறம் ஆண்டுக்கு 70 வீதம் ஒன்பது ஆண்டு நஷ்டம், அது 630. ஆக, திறக்கச் சொன்னால் நிறுவனத்துக்கு 1,630 போகும். கடை மூடியதால் உரிமையாளருக்கு உண்மையில் ஏற்படும் இழப்பு, வாடகை எப்படியும் வருவதால், 300 என்று வைப்போம்.

நஷ்டஈடு என்றால் 300 கைமாறும். உரிமையாளர் முழுமையாக ஈடாகிவிடுகிறார். ஏற்றதை ஆற்றுதல் உத்தரவு போட்டால் என்ன நடக்கும்? கடை திறக்கும் என்று நினைக்காதீர்கள். நிறுவனம் உரிமையாளரிடம் வந்து, உத்தரவை வற்புறுத்தாமல் இருக்க எவ்வளவு வேண்டும் என்று கேட்கும். 300-க்கு மேல் எது கிடைத்தாலும் அவருக்கு லாபம், 1,630-க்குக் கீழே எது கொடுத்தாலும் நிறுவனத்துக்கு லாபம். பேரம் 900-இல் முடிந்தால், 300 இழந்தவர் 900 வாங்குகிறார். அந்த 600 எதற்கான ஈடு? எதற்கும் இல்லை. நீதிமன்ற உத்தரவு கொடுத்த பிடி அது.

அதனால்தான் முதல் நீதிபதி மறுத்தபோது பிரபுக்கள் சபை அவர் பக்கம் நின்றது. கடை நடக்காது, பேரம்தான் நடக்கும். அப்படியே நடந்தாலும், நம்பிக்கை செத்துப்போன இரண்டு பேரை 2014 வரை ஒரே கயிற்றில் கட்டி வைப்பதாகும்.

---

குணா

சரி, நான் இரண்டாம் படியை விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் கணக்கில் 300 என்ற எண்ணை நீங்களே போட்டுவிட்டீர்கள். என் வாதமே அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான். நிரூபிக்க முடியாமல் அது 50 ஆகிவிட்டால்? அப்போது நஷ்டஈடு என்பது உரிமையாளருக்கு அநியாயம் இல்லையா? அந்தப் பேரம் அநியாயம் என்றால், இதுவும் அநியாயம்தான்.

---

நளாயினி

இது நல்ல அடி. அந்த வழக்கிலும் மேல்முறையீட்டு நீதிபதிகளை ஈர்த்த வாதங்களில் இதுவும் ஒன்று. அளக்கக் கடினமாக இருப்பதும் அளக்கவே முடியாமல் இருப்பதும் வேறு என்று நான் சொல்வேன். ஆனால் உங்களை முழுதாக மறுக்க என்னிடம் பதில் இல்லை.

---

செல்வி

நான் சில ஆண்டுகள் ஸ்காட்லாந்தில் ஒரு சொத்து மேலாண்மை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அங்கே இந்தக் கதை வேறு மாதிரி முடியும். 2000-இல் ஸ்காட்லாந்தின் மேல் நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய இதே பிரிவு வந்தது, அங்கும் சேஃப்வேதான் எதிர்த்தரப்பு. கடையைத் திறந்து வைக்க வேண்டும் என்ற உத்தரவை நீதிமன்றம் உறுதி செய்தது. ஹாஃப்மன் தீர்ப்பைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் செய்தார்கள். அதே நாட்டு ராணி, அதே நிறுவனம், எல்லைக்கு இரண்டு பக்கமும் இரண்டு முடிவு.

---

மணிமாறன்

பார்த்தீர்களா! மேற்பார்வை முடியாது என்பது அப்படியானால் சாக்குத்தானே?

---

நளாயினி

செல்வி சொன்னது சரி, இழைக்கு இது முக்கியமானதும்கூட. வித்தியாசம் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. இங்கிலாந்தில் நஷ்டஈடுதான் வழக்கமான உரிமை, ஏற்றதை ஆற்றுதல் நீதிபதியின் விருப்புரிமையில் கிடைக்கும் விதிவிலக்கு. ஸ்காட்லாந்தில் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்லிக் கேட்பதே உரிமை. மறுப்பதற்குத்தான் நீதிமன்றம் வலுவான காரணம் தேட வேண்டும். ஜெர்மனியிலும் சிந்தனை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதனால் ஒரே உண்மைகளை வைத்துக்கொண்டு, யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதே மாறிவிடுகிறது.

இந்தியாவைப் பார்த்தால், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 2018 திருத்தம் நீதிபதியின் விருப்புரிமையை எடுத்துவிட்டது, ஏற்றதை ஆற்றுதலே பொது விதி என்று ஆக்கியது. அதைப் படித்துவிட்டுப் பலர் “இனி எல்லாம் கிடைக்கும்” என்று எழுதுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நீதிமன்றம் மேற்பார்வையிட முடியாத தொடர் கடமையை விலக்கி வைத்திருக்கிறது. இன்பாவின் பிரிவு நேராக அங்கே போய் முட்டும். விருப்புரிமை போனாலும் இந்தக் கதவு அடைத்தே இருக்கிறது.

---

தேன்மொழி

என் கேள்வியை யாரும் மறந்துவிடவில்லையே?

---

நளாயினி

மறக்கவில்லை, தேன்மொழி. உங்களுக்கு நிலைமை பெரும்பாலும் சாதகம். கேட்பது ஒரு விளைவு: பணத்தை வாங்கிக்கொண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போடு. விற்பவர் மறுத்தால் நீதிமன்றமே அவருக்காக ஒருவரை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம். கடை நடத்துவதில் அது முடியாது, அலமாரியில் சரக்கு அடுக்க நீதிமன்ற ஊழியரை அனுப்ப முடியாது இல்லையா.

ஆனால் இங்கே தோற்பவர்கள் வேறு காரணத்துக்காகத் தோற்கிறார்கள். நீங்கள் உங்கள் பக்கத்தை முடிக்கத் தொடக்கம் முதல் தயாராகவும் விருப்பத்தோடும் இருந்தீர்கள் என்று காட்ட வேண்டும். மீதிப் பணம் எங்கிருந்து வரும், அந்த நாளில் உங்கள் கணக்கில் என்ன இருந்தது, கடன் அனுமதிக் கடிதம் எந்தத் தேதியில் வந்தது, எப்போது பத்திரம் பதிய அழைத்தீர்கள், எல்லாவற்றுக்கும் எழுத்து இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னேன் என்பது நிற்காது. அப்புறம், சும்மா இருந்துவிட்டு விலை ஏறிய பிறகு வழக்குப் போடுகிறவர்களை நீதிமன்றம் நல்ல கண்ணால் பார்க்காது. சட்டக் கெடு முடியாவிட்டாலும் தாமதம் உங்களைக் கடிக்கும்.

அந்த இரட்டிப்பு முன்பணத்தை வாங்கிக்கொண்டு “சரி, முடிந்தது” என்று எதுவும் எழுதிக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் முறிந்ததாக நீங்கள் ஏற்றுக்கொண்டால், பிறகு அதையே நிறைவேற்றச் சொல்லிக் கேட்க முடியாது. திரும்பாத பாதை அது. எதிர்த்திசையில் பாதை உண்டு. ஏற்றதை ஆற்றுதல் கேட்டுவிட்டு, அது கிடைக்காவிட்டால் நஷ்டஈடு என்று மாற்றாகக் கேட்கலாம். மனுவிலேயே இரண்டையும் போட்டுவிடச் சொல்லுங்கள், விட்டுவிட்டால் பின்னால் திருத்தம் கேட்டு அலைய வேண்டிவரும்.

இன்னொன்று. அந்த அதிக விலைக்காரர் இந்த ஒப்பந்தம் பற்றித் தெரியாமல், பணம் கொடுத்து வாங்கிவிட்டால், வீடு கைநழுவிவிடலாம். அதனால் உங்கள் ஒப்பந்தம் அவருக்குத் தெரியும்படி செய்ய என்ன வழி என்று உங்கள் வக்கீலிடம் இந்த வாரமே கேளுங்கள்.

---

தேன்மொழி

நன்றி அம்மா. பணத்தை வாங்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். நிலம், வீடு என்றால் எப்போதும் கிடைத்துவிடுமா?

---

நளாயினி

எப்போதும் என்று சொல்ல மாட்டேன். 1980-களில் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வீட்டை விற்க ஒப்பந்தம் போட்ட பெண்ணுக்குப் பிறகு எலும்பில் புற்றுநோய் வந்து கால் எடுக்க நேர்ந்தது. கணவர் திவாலாகிவிட்டார், சின்னக் குழந்தைகள், பக்கத்தில் இருந்த உறவினர், தோழிகள் உதவியில்தான் நாள் ஓடியது. வழக்குத் தாமதத்துக்கு இரு தரப்பும் காரணம் இல்லை. அந்த இடத்தை விட்டுப் போகச் சொல்வது தாங்க முடியாத கொடுமை என்று நீதிபதி நஷ்டஈடு மட்டும் கொடுத்தார். வாங்க வந்தவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. விலை ஏறிவிட்டது, எனக்கு நஷ்டம் என்பது மட்டும் இந்த வகைத் துன்பம் ஆகாது.

---

ரகு

இன்பா அண்ணா, நான் கணக்காளர், வாடகைக் கட்டடங்களின் இழப்புக் கணக்கு நிறைய போட்டிருக்கிறேன். குணா சொன்ன பயம் உண்மையானது. ஆனால் அதற்கு மருந்து கடை மூடுவதற்கு முன்னால் உங்கள் கையில் இருக்கிறது. மூடிய பிறகு வந்து கேட்பவர்களிடம் எனக்குக் கொடுக்க எண்ணே இருக்காது.

முதலில் இன்றைய நிலையைப் பதிவு செய்யுங்கள். மேல்தளத்தின் கடந்த மூன்று ஆண்டு வாடகைப் பட்டியல், எந்தக் கடை எத்தனை மாதம் காலியாக இருந்தது என்பது. படியேறும் ஆட்களை வாரநாள், வார இறுதி என்று பிரித்து எண்ணச் சொல்லுங்கள், ஒரு கதவெண்ணி பொருத்தினாலும் போதும். சிறு கடைக்காரர்களிடம் மாத விற்பனையைக் கேட்டு வாங்குங்கள். மூடிய பிறகு அவர்கள் வாடகைக் குறைப்புக் கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள், காரணத்தோடு. கட்டடத்தை இப்போது ஒரு முறையும் ஆறு மாதம் கழித்து ஒரு முறையும் ஒரே மதிப்பீட்டாளரிடம் மதிப்பிடச் சொல்லுங்கள்.

எதிர்த்தரப்பு எங்கே குத்தும் தெரியுமா? பக்கத்தில் புதுக் கடை வந்ததால்தான் கூட்டம் குறைந்தது, இணையத்தில் வாங்குகிறார்கள் என்பார்கள். பெரிய கடை மூடிய வாரத்தில் எண்ணிக்கை செங்குத்தாக விழுந்திருந்தால் அந்த வாதம் நிற்காது. மெதுவாகத் தேய்ந்திருந்தால் நிற்கும். வாராந்திர எண்கள் இல்லாமல் இதைப் பிரித்துக் காட்டவே முடியாது. நீங்களும் சும்மா இருக்கக் கூடாது. நிறுவனம் இடத்தை ஒப்படைத்தாலோ, வேறு ஆளுக்கு மாற்றித் தர இசைந்தாலோ புது ஆளைத் தேடியதற்கு விளம்பரமும் கடிதமும் இருக்கட்டும், இல்லாவிட்டால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு என்று கழித்துவிடுவார்கள்.

---

இன்பா

ரகு, இது எனக்குப் பெரிய உதவி. இன்னும் ஒன்று கேட்கிறேன். ஷெஃபீல்டில் எல்லாம் கழற்றிய பிறகுதானே வழக்கு? என் கடையில் இன்னும் அலமாரி எல்லாம் அப்படியே இருக்கிறது. மூட இன்னும் ஏழு வாரம். இப்போதே தடை கேட்டால் அந்த 1,000 செலவு இல்லையே? அப்புறம், அடுத்த குத்தகையில் “ஏற்றதை ஆற்றுதலுக்கு இரு தரப்பும் சம்மதம்” என்று எழுதிவிட்டால்?

---

நளாயினி

சம்மதப் பிரிவு எழுதலாம், ஆனால் இங்கிலாந்து மாதிரியான முறையில் அது நீதிபதியின் கையைக் கட்டாது. அதைவிட, திறக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் இவ்வளவு என்று ஒரு தொகையை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது பயன்படும். குணா பயந்த நிரூபணச் சிக்கல் அங்கே தீரும். தொகை மிரட்டலாக இல்லாமல், உங்கள் நியாயமான நலனுக்குப் பொருந்தி இருக்க வேண்டும். 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலைத்தான் வைத்தது. வேறு சில நாடுகளில், ஒப்புக்கொண்ட தொகை உச்சவரம்பு மட்டுமே என்று நடத்துவார்கள், உங்கள் இடத்தின் சட்டத்தைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

இப்போதே தடை கேட்பது பற்றி: செலவுப் பக்கம் உங்களுக்குச் சாதகமாகும், உண்மை. ஆனால் ஒன்பது ஆண்டு நஷ்டத்தில் தொழில் நடத்து என்ற சிக்கல் அப்படியே இருக்கிறது. நான் நம்பிக்கை தர மாட்டேன்.

---

குணா

இங்கே நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை, அம்மா. தொழிலை நடத்து என்று கேட்காமல், சாதனங்களைக் கழற்றாதே என்று மட்டும் கேட்கட்டும். அது ஒரு தெளிவான எதிர்மறைக் கட்டளை, மேற்பார்வை தேவையே இல்லை. இதைப் பிடியாக வைத்து மாற்று ஆள் வரும் வரை காலம் வாங்கலாம்.

---

நளாயினி

சாதனங்கள் யாருடையவை என்று குத்தகையில் பார்க்க வேண்டும். நிறுவனத்துடையவை என்றால், எந்த உரிமையின் பேரில் அந்தத் தடையைக் கேட்பீர்கள்? பின்வாசல் வழியாக அதே உத்தரவைக் கேட்பது போலத்தான் நீதிபதிக்குத் தோன்றும். ஆனாலும் முயற்சி செய்யக் கூடாது என்று சொல்லவில்லை.

---

இன்பா

குத்தகையைப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டிகள் அவர்களுடையவை, அலமாரிகளும் மின்தூக்கியும் என்னுடையவை. குணா சொன்னதை வக்கீலிடம் கேட்கிறேன். கதவெண்ணி இரண்டு வாங்கியாகிவிட்டது, நாளைக் காலை படிக்கட்டில் பொருத்துகிறார்கள். ஷெஃபீல்டு உரிமையாளரைப் போலவே நானும் வாடகைக் குறைப்போடு ஒரு கடிதம் எழுதுகிறேன். பதில் வந்தால் இங்கே சொல்கிறேன்.